தகர டப்பாவில் கிடந்த சிப்பு

ஒன்றிலிருந்து பூஜ்யத்தைக் கழித்தால் யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை. இது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு என் முன்னால் இருந்த, லேபில் சர்க்யூட் கட்டிப் பார்க்கிற பெட்டிக்குத் தெரியவில்லை. அதன் சிவப்பு விளக்கு, கடன் வாங்கியாச்சு என்று எரிந்துகொண்டே இருந்தது. அந்த விளக்கைக் கையால் நசுக்கிவிடலாமா என்று வந்தது எனக்கு. கோபம் வந்தால் முதலில் கை நீளும், பிறகு வாய் நீளும், புத்தி கடைசியாக வரும். இன்றுவரை அப்படித்தான்.

குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தேன். படித்தேன் என்பதைவிட முடிக்க முடியாமல் கிடந்தேன் என்பது சரி. எல்லாப் பேப்பரும் முடிந்து, டிஜிட்டல் லேப் பிராக்டிகல் ஒன்று மட்டும் இரண்டு தடவை போய்விட்டது. மூன்றாவது தடவைதான் கடைசி. அந்தப் பருவத்தோடு பழைய பாடத்திட்டம் முடிகிறது. அதற்குப் பிறகும் அரியர் வைத்திருப்பவர்கள் புதிய பாடத்திட்டத்தில் போய் ஒரு வருடம் திரும்ப உட்கார வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள்.

இன்னொரு வருடம் உட்காருவதற்கு எங்கள் வீட்டில் வழி இல்லை. தேயிலை விழுந்துபோன காலம் அது. பறிக்கிற கூலிக்குக்கூட இலை விலை போகவில்லை. சிறு தோட்டக்காரர்கள் செடியை வெட்டாமல் விட்டு, அது ஆள் உயரத்துக்கு மரமாகி நின்றது. எங்கள் எஸ்டேட்டில் அம்மா பறிக்கிறவள், அப்பா ஃபாக்டரியில் இலை வாட்டுகிற தட்டில் வேலை. ஃபாக்டரி வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடியது. தொழிலாளிகள் குடியிருக்கிற லைன் வீடுகளில் ஒவ்வொன்றாகப் பூட்டு விழுந்தது. எல்லோரும் திருப்பூருக்கு, பனியன் கம்பெனிக்கு இறங்கினார்கள்.

அப்பா சத்தம் போடுகிற ஆள் இல்லை. ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "இந்தத் தடவை பாஸ் ஆயிட்டீன்னா உன்ற வேலைய நம்பி நானும் உங்கம்மாவும் இங்கயே இருந்துக்குவோம். இல்லீன்னா மூணு பேரும் எறங்கிடலாம் புள்ள. உனக்கும் கம்பெனியில மிஷின் பழக்கித் தர்றாங்களாம்." அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

வேலை என்று அவர் சொன்னது கோயம்புத்தூரில் மோட்டார் பம்புக்குப் பேனல் செய்கிற ஒரு கம்பெனி. கல்லூரிக்கு வந்து எங்களில் இரண்டு பேரை எடுத்திருந்தார்கள். பாஸ் சர்டிபிகேட்டோடு வந்தால்தான் வேலை என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒருத்தி நான். இன்னொருத்தி எமரால்டு என்கிற ஊரிலிருந்து வருகிறவள். அவளுக்கும் இதே லேப்தான் பாக்கி. அவள் அப்பா எமரால்டில் சின்ன மளிகைக் கடை வைத்திருந்தார். தேயிலைக்காரர்கள் கையில் ஒன்றும் இல்லாததால் கடை பாதி நாள் சாத்தியே கிடந்தது. அவர்கள் வீட்டிலும் எங்கள் வீட்டில் நடந்த பேச்சேதான் நடந்திருக்கிறது.

அவளுக்கும் எனக்கும் எதிலும் ஒத்துப்போகாது. நான் வேகம், அவள் நிதானம். நான் மனப்பாடம், அவள் ஏன் எதற்கு என்று கேட்கிற ஜாதி. ஒரு வயரை நான் சொருகி முடிப்பதற்குள் அவள் அதைப் பற்றி யோசித்துக்கொண்டு இருப்பாள். "ஏ புள்ள, நீ கம்பி சொருகறியா, பூக் கட்டறியா?" என்று கிண்டல் செய்வேன். சிரிப்பாள், வேகத்தை மட்டும் கூட்ட மாட்டாள். ஆனாலும் மூன்று வருடமாகப் பக்கத்துப் பக்கத்து மேஜை, ஒரே டப்பாச் சோறு. அவளை விட்டால் எனக்கு அங்கே வேறு ஆள் கிடையாது.

பரீட்சை அன்று காலையிலிருந்தே மழை. அரியர்காரர்கள் நாங்கள் நாலு பேர். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் சமவெளிக்காரர், மேட்டுப்பாளையம் ரோட்டில் எங்கேயோ மண் சரிகிறது என்று கேள்விப்பட்டு, எப்போது இறங்குவோம் என்ற யோசனையிலேயே இருந்தார். நாலு பேருக்கும் ஒரே கேள்வி கொடுத்தார். இரண்டு ஹாஃப் சப்டிராக்டரை வைத்து ஒரு ஃபுல் சப்டிராக்டர் கட்டி, எட்டு வரிசையும் காட்ட வேண்டும். மதியம் ஒரு மணிக்குள்.

கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. இது நான் நூறு தடவை எழுதிப் பார்த்தது.

பள்ளிக்கூடத்துக் கழித்தல்தான் அது, வேறொன்றுமில்லை. ஆனால் இருக்கிற எண்கள் பூஜ்யமும் ஒன்றும் மட்டும். ஏ-யிலிருந்து பி-யைக் கழிக்கிறோம். பதில் ஒரு விளக்கில் வரும், அதற்கு டிஃபரன்ஸ் என்று பெயர். ஏ-யும் பி-யும் வேறு வேறாக இருந்தால் அது எரியும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் எரியாது. எக்ஸார் கேட் என்கிற சின்ன சர்க்யூட் அந்த வேலையைச் செய்யும். ஏ பூஜ்யமாகவும் பி ஒன்றாகவும் இருந்தால் மட்டும் பக்கத்து இலக்கத்தில் கடன் வாங்க வேண்டும். அதற்கு இன்னொரு விளக்கு, பாரோ. ஏ-யை ஒரு நாட் கேட்டில் விட்டுத் தலைகீழாக்கி, அதையும் பி-யையும், இரண்டு காலிலும் ஒன்று வந்தால்தான் ஒன்று தருகிற அண்ட் கேட்டில் கொடுத்தால் பாரோ வரும். இவ்வளவுதான் ஹாஃப் சப்டிராக்டர்.

ஆனால் வலது பக்கத்து இலக்கம் ஏற்கெனவே நம்மிடம் கடன் வாங்கியிருந்தால், அதையும் கழித்தாக வேண்டும். அந்த மூன்றாவதை சி என்று வைத்துக்கொண்டோம். மூன்றிலும் பூஜ்யமும் ஒன்றும் மாறி மாறி வந்தால் மொத்தம் எட்டு வரிசை. அப்போது ஒரு ஹாஃப் போதாது. முதல் ஹாஃப் ஏ-யிலிருந்து பி-யைக் கழிக்கும். அதில் வந்த டிஃபரன்ஸிலிருந்து சி-யை இரண்டாவது ஹாஃப் கழிக்கும். கடைசி டிஃபரன்ஸ் அதுதான். முதல் ஹாஃப் கடன் வாங்கினாலும் சரி, இரண்டாவது வாங்கினாலும் சரி, கடன் கடன்தான். அதனால் இரண்டு பாரோவையும் ஒரு ஆர் கேட்டில் சேர்த்து வெளியே எடுக்க வேண்டும். ஒரு சிப்புக்குள்ளேயே ஒரே வகைக் கேட் நாலு, ஆறு என்று இருக்கும், அதனால் மொத்தம் நாலே சிப்பு. எக்ஸார் ஒன்று, நாட் ஒன்று, அண்ட் ஒன்று, ஆர் ஒன்று.

சிப்பைக் கொடுக்கும்போது லேப் அண்ணன் தலையைச் சொறிந்தார். லேபைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். கல்லூரியில் பிள்ளைகள் குறைந்து, சாமான் வாங்குவது நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. "ஆளுக்கு ஒரு செட்டுத்தானுங்க சார் இருக்குது. மாத்திக் குடுக்கறதுக்கு வகைக்கு ஒண்ணே ஒண்ணு" என்றார்.

எக்ஸாமினர் எங்களைப் பார்த்தார். "கேட்டுக்குங்க. சிப்பு கெட்டுப்போச்சுன்னு சும்மா சாக்குச் சொல்லி மாத்தக் கூடாது. மாத்துனா, பழைய சிப்ப அந்த டப்பாவுல போடுங்க. முடிஞ்சதும் நானே டெஸ்ட் பண்ணிப் பாப்பேன். நல்ல சிப்பா இருந்துச்சுன்னா, சர்க்யூட் ஓடியிருந்தாலும் அந்த ஆளு ஃபெயில்."

டப்பா என்றது ஜன்னலோரம் இருந்த பழைய பிஸ்கட் டப்பா. செத்துப்போன சிப்பெல்லாம் அதில்தான் கிடக்கும். எங்கள் மலையில் சிப்பு சாவது சாதாரணம். வருஷத்தில் பாதி நாள் மூடுபனி லேபுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கும். சிப்பின் கால்கள் பச்சை பிடிக்கும், துருப்பிடிக்கும். அதனால் எங்கள் கல்லூரியில் ஒரு பழக்கம் உண்டு. சர்க்யூட் ஓடவில்லை என்றால் முதலில் சிப்பைக் கழற்றி, பென்சில் ரப்பரால் கால்களைத் தேய்ப்போம். பத்துக்கு ஏழு தடவை அதிலேயே சரியாகிவிடும். அப்படிச் சரியாகிச் சரியாகி, தப்பு நம்முடைய கம்பியில் இருக்கலாம் என்ற எண்ணமே எங்களுக்கு வராமல் போய்விட்டது. சமவெளியில் படித்தவர்களுக்கு இந்தப் புத்தி இருக்காது.

பதினொரு மணிக்கெல்லாம் நான் கட்டி முடித்துவிட்டேன். பக்கத்தில் எமரால்டுக்காரி எக்ஸாரையும் நாட்டையும்தான் வைத்திருந்தாள். அண்ட் சிப்பைத் தொடவே இல்லை. முதலில் டிஃபரன்ஸ் எட்டு வரிசையும் சரியா என்று பார்த்துத் தாளில் குறித்துக்கொண்டிருந்தாள்.

நான் ஸ்விட்ச் போட்டேன். ஏ, பி, சி மூன்றையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். டிஃபரன்ஸ் எட்டுக்கு எட்டும் சரி. பாரோ மட்டும் மூன்று இடத்தில் தப்பு. பூஜ்யம், பூஜ்யம், ஒன்று. அங்கே எரிய வேண்டும், எரியவில்லை. ஒன்று, பூஜ்யம், பூஜ்யம். அங்கே எரியவே கூடாது, எரிந்தது. மூன்றும் ஒன்று. அங்கே எரிய வேண்டும், எரியவில்லை.

திரும்பப் போட்டேன். அதே மூன்று. லேப் அண்ணனைக் கூப்பிட்டு, எந்தெந்த வரிசை என்று வாய்விட்டே சொன்னேன். அவர் பெட்டியை எட்டிப் பார்த்தார். "பாரோதானே? அப்ப அண்ட் சிப்பாத்தான் இருக்கும். தேச்சியா அம்முணி?"

"தேச்சேனுங்க."

"இன்னொருக்காத் தேய்."

தேய்த்தேன். ரப்பர் தீருகிற அளவுக்குத் தேய்த்தேன். வெளியே மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது, எனக்கு அந்தச் சத்தத்திலேயே அழுகை வந்தது. மூன்றாவது தடவை. இதற்கு மேல் தடவை இல்லை. அப்பா கை கழுவிவிட்டு வந்து நின்றதுதான் கண்ணில் நின்றது. திரும்பச் சொருகிப் போட்டால் அதே மூன்று வரிசை, அதே மாதிரி. அரை மணி நேரம் போய்விட்டது. யோசித்திருக்க வேண்டும். நானா யோசிக்கிறவள்? எழுந்து நின்று, "சார், அண்ட் சிப்பு போயிருச்சுங்க, மாத்தணுமுங்க" என்று சத்தமாகச் சொன்னேன். பொய் சொல்லவில்லை. சத்தியமாக நம்பித்தான் சொன்னேன்.

எக்ஸாமினர் என் நம்பரைக் குறித்துக்கொண்டார். பழைய சிப்பை நானே கொண்டுபோய் டப்பாவில் போட்டேன். செத்த சிப்புக் குவியலின் மேலே அது கிடந்தது. லேப் அண்ணன் கடைசி அண்ட் சிப்பை எடுத்துத் தந்தார். அதைத் தேய்த்துச் சொருகி, ஸ்விட்சைப் போட்டேன்.

பூஜ்யம், பூஜ்யம், ஒன்று. எரியவில்லை. ஒன்று, பூஜ்யம், பூஜ்யம். எரிந்தது. மூன்றும் ஒன்று. எரியவில்லை.

அதே மூன்று.

இரண்டு வேறு வேறு சிப்பு ஒரே மூன்று இடத்தில் ஒரே மாதிரி கெட்டுப்போகாது. அப்படியென்றால் சிப்பில் ஒன்றும் இல்லை. தப்பு என்னுடையது. டப்பாவில் நான் போட்டது நல்ல சிப்பு. எக்ஸாமினர் அதை எடுத்து டெஸ்ட் செய்தால் நான் ஃபெயில். இதெல்லாம் ஒரே நொடியில் எனக்குப் புரிந்தது. வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் எதையும் புரிந்துகொண்டதில்லை.

அப்போதுதான் பக்கத்தில் டக்கென்று ஒரு சின்ன சத்தம். எமரால்டுக்காரி அண்ட் சிப்பைத் தேய்த்து அழுத்தியிருக்கிறாள். துருப்பிடித்த ஏழாவது கால் அடியோடு முறிந்து அவள் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஏழாவது கால் என்றால் கிரவுண்டு. அது இல்லாமல் அந்தச் சிப்பு ஒன்றுக்கும் ஆகாது. அவள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஏனுங்கண்ணா, அண்ட் சிப்பு கால் ஒடைஞ்சிருச்சுங்க. இன்னொண்ணு வேணுமுங்க."

லேப் அண்ணன் என் மேஜையைக் காட்டினார். "கடைசிய இப்பத்தான அந்தப் புள்ளைக்குக் குடுத்தேன். இனி இல்லீயே அம்முணி."

அவள் என்னைப் பார்த்தாள். நான் என் பெட்டியைப் பார்த்தேன்.

அண்ணா, அந்த டப்பாவுல மேல கிடக்கிறது நல்ல சிப்புத்தான், அதை எடுத்துக் குடுங்க. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வாய் நீளம் என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவள் நான். தேவையில்லாத இடத்திலெல்லாம் பேசியிருக்கிறேன். அன்றைக்கு என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. முதலில் என்னுடையதை முடித்துக்கொள்கிறேன், பிறகு சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் எவ்வளவு கேடு கெட்டவள் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பியைப் பார்த்தேன். தப்பு கண் முன்னாலேயே இருந்தது. எக்ஸாரின் மேல் காலுக்கு வருகிற கம்பியே நாட்டுக்கும் போகும் என்று நான் மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். முதல் ஹாஃபில் மேல் காலில் ஏ இருந்தது. அங்கே சரி. இரண்டாவது ஹாஃபில் நீளக் கம்பி கிடைக்கவில்லை என்று, கிட்டே இருந்த சி-யை மேல் காலிலும், முதல் டிஃபரன்ஸைக் கீழ்க் காலிலும் கொடுத்துவிட்டேன். எக்ஸாருக்கு எது மேலே எது கீழே என்பது பொருட்டே இல்லை. அதனால்தான் டிஃபரன்ஸ் எட்டும் சரியாக வந்தது. ஆனால் கழித்தலில் எதிலிருந்து எதைக் கழிக்கிறோம் என்பது பொருட்டு. தலைகீழாக்க வேண்டியது முதல் டிஃபரன்ஸை. நான் சி-யைத் தலைகீழாக்கி வைத்திருந்தேன். டிஃபரன்ஸிலிருந்து சி-யைக் கழிப்பதற்குப் பதிலாக, சி-யிலிருந்து டிஃபரன்ஸைக் கழிக்கிற மாதிரி கடன் வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறது அந்தச் சர்க்யூட்.

மாற்ற வேண்டியது இரண்டே கம்பி. நாட்டுக்கு டிஃபரன்ஸ், அண்டின் மறு காலுக்கு சி. மாற்றினேன். எட்டும் சரி.

பக்கத்தில் அவள் அழவில்லை. உட்கார்ந்து தாளில் என்னவோ போட்டுக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அண்ட் கேட்டே இல்லாமல் கட்டப் பார்க்கிறாள். ஏ-யை அப்படியே விட்டு, பி-யைத் தலைகீழாக்கி, இரண்டையும் ஆர் கேட்டில் கொடுத்து, வந்ததை மறுபடியும் தலைகீழாக்கினால் முதல் பாரோ வந்துவிடும். இரண்டாவது ஹாஃபிலும் அப்படியே, டிஃபரன்ஸை விட்டு சி-யைத் தலைகீழாக்கி. கணக்குப் பார்த்தால் நாட் சிப்பில் இருக்கிற ஆறில் நாலு போதும். ஆர் சிப்பில் இருக்கிற நாலில் மூன்று போதும். வகுப்பில் சொன்னதுதான். எங்களில் எவளும் அதை ஒரு நாளும் கையால் கட்டிப் பார்த்ததில்லை. அதை அவள் பரீட்சையில், கடைசித் தடவையில், முதன்முதலாகக் கட்டிக்கொண்டிருந்தாள். எப்போதும் போல நிதானமாக.

மணி பன்னிரண்டரை. நான் எக்ஸாமினரைக் கூப்பிட்டேன். அவர் வந்து எட்டு வரிசையும் போட்டுப் பார்த்தார். "சரி. முதல் பாரோவும் ரெண்டாவது பாரோவும் ஒரே நேரத்துல வருமா?" என்றார்.

"வராதுங்க சார். முதல் ஹாஃப் கடன் வாங்கினா அதோட டிஃபரன்ஸ் ஒண்ணாத்தான் இருக்கும். ஒண்ணுல இருந்து எதைக் கழிச்சாலும் கடன் வேண்டியதில்லீங்க."

"நல்லாச் சொன்னே" என்று கையெழுத்துப் போட்டார். நல்லாச் சொன்னேன். அதை மட்டும் நல்லாச் சொன்னேன்.

கையெழுத்து விழுந்துவிட்டது. என்னுடையது முடிந்தது. இனிச் சொல்லலாம் அல்லவா? இன்னும் அரை மணி இருக்கிறது, டப்பாவிலிருந்து அந்தச் சிப்பை எடுத்துக் கொடுத்தால் அவளுக்குப் பத்து நிமிஷ வேலை. ஆனால் போட்ட கையெழுத்தை அடிக்கவும் முடியுமே. நல்ல சிப்பை மாற்றினவள் ஃபெயில் என்று அவர் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் பெட்டிக்குப் பக்கத்திலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். எக்ஸாமினர் நிமிர்ந்தார். "என்னம்மா, இன்னும் என்ன?"

"ஒண்ணுமில்லீங்க சார்" என்றேன்.

அவள் தலையைத் தூக்கவே இல்லை. முதல் பாரோ முடிந்தது. இரண்டாவதற்கு நாட் முடிந்தது, ஆர் முடிந்தது, கடைசி நாட்டும் முடிந்தது. அதிலிருந்து, இரண்டு பாரோவையும் சேர்த்து வெளியே எடுக்கிற ஆர் கேட்டுக்கு ஒரே ஒரு கம்பி போக வேண்டும். அதற்கு நீளமான கம்பி அவளிடம் இல்லை. என்னிடம் இருந்தது. என் பெட்டியிலிருந்து பிடுங்கி அவள் மேஜையில் வைத்தேன். அதை எடுத்துக்கொண்டாள். முனையில் துரு இருந்தது, தேய்க்க ஆரம்பித்தாள். அப்போது மணி அடித்தது.

"ஸ்டாப். கையை எடுங்க எல்லாரும்" என்றார் எக்ஸாமினர். பையை ஏற்கெனவே தோளில் மாட்டியிருந்தார்.

"ஒரே கம்பிங்க சார். ஒரு நிமிசமுங்க" என்றாள் அவள்.

"மணி அடிச்சாச்சும்மா. இருக்கிறத காட்டு."

மூன்று ஸ்விட்சையும் பூஜ்யத்தில் வைத்தார். டிஃபரன்ஸ் எரியவில்லை, சரி. பாரோ எரிந்தது. அந்த வகைச் சிப்பில் கம்பி கொடுக்காமல் சும்மா விட்ட கால் ஒன்று என்றே எடுத்துக்கொள்ளும். ஆர் கேட்டின் ஒரு காலில் எப்போதும் ஒன்று இருந்தால் விளக்கு எப்போதும் எரியும். அவர் எல்லா வரிசையும் போட்டார். எட்டிலும் எரிந்தது.

"பூஜ்யத்துல பூஜ்யத்தக் கழிக்க எதுக்கும்மா கடன்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, வருத்தமாகத்தான் கேட்டார். அவள் கையில் அந்தக் கம்பி இருந்தது.

பிஸ்கட் டப்பாவை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரோடு அடைபடுவதற்குள் இறங்க வேண்டும் என்று ஓடினார். டெஸ்ட் செய்வேன் என்று சொன்னது சும்மா மிரட்டல். அந்த மிரட்டலுக்குப் பயந்துதான் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மழை விட்டிருந்தது. பஸ் நிற்கிற இடம்வரை இரண்டு பேரும் நடந்தோம். எமரால்டு பஸ் முதலில் வரும். அவள் தாவணியின் ஓரத்தை முறுக்கிக்கொண்டே இருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "நீ கட்டுனது பெரிய விசயம் புள்ள. அந்த ஒரு கம்பி மட்டும்..." என்று ஆரம்பித்தேன்.

"டப்பாவுல கெடந்தது நல்ல சிப்பு" என்றாள்.

நான் நின்றுவிட்டேன்.

"மாத்துனதுக்கு அப்புறமும் அதே மூணு வரிசைதானே உனக்குத் தப்பா வந்துச்சு. முதல்ல நீ லேப் அண்ணன்கிட்டச் சொன்னப்பவே எந்த மூணுன்னு கேட்டுட்டேன். அப்புறம் உன்ற வெளக்கப் பார்த்தேன். சிப்புல ஒண்ணுமில்லீன்னு தெரிஞ்சு போச்சு."

"அப்புறம் ஏன் புள்ள நீ அதைக் கேட்டு வாங்கல?"

"நான் கேட்டிருந்தா உன்னைய ஃபெயிலாக்கிருப்பாங்கல்ல" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் நான் அவள் காலில் விழுந்திருப்பேன். "நான் சொல்லக் கூடாது. நீ சொல்லுவேன்னு இருந்தேன். கையெழுத்து வாங்குனதுக்கு அப்புறமாச்சும் சொல்லுவேன்னு பார்த்தேன். நீ சார் முன்னால நின்னப்ப, சொல்லப் போறேன்னுதான் நெனச்சேன்."

நான் நின்றதை அவள் பார்த்திருக்கிறாள். ஒண்ணுமில்லீங்க சார் என்று நான் சொன்னதையும் கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகும் குனிந்து கம்பி சொருகிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

எமரால்டு பஸ் வந்தது. "வர்றேன்" என்று சொல்லி ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது, ஆனால் வெளியே பார்க்கவில்லை.

நான் பாஸ். அப்பா அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் முதன்முதலாகச் சத்தமாகச் சிரித்தார். அம்மா என் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பாவும் அம்மாவும் இறங்கவில்லை, அந்த லைன் வீட்டிலேயே இருந்தார்கள். நான் மட்டும் வேலைக்குக் கோயம்புத்தூர் போனேன். கோயம்புத்தூர் கம்பெனி இன்னொரு இடத்துக்கு வேறு யாரையோ எடுத்துக்கொண்டது. அவர்கள் குடும்பம் கடையைச் சாத்திவிட்டுத் திருப்பூர் போய்விட்டதாக லேப் அண்ணன் சொன்னார்.

சர்டிபிகேட் வாங்கப் போன அன்றைக்கு நான் லேபுக்குள் போய், டப்பாவில் மேலே கிடந்த அந்தச் சிப்பை எடுத்து, பெட்டியில் சொருகி, நாலு கேட்டையும் பார்த்தேன். நாலும் ஓடியது. லேப் அண்ணனிடம் இது நல்ல சிப்புங்க என்று சொன்னேன். அவர் அதை வாங்கி நல்ல சிப்பு வைக்கிற பெட்டியில் போட்டுக்கொண்டார்.